ஒன்றின் ஏழாம் படிமூலங்களின் கூடுதல் ஏன் பூச்சியம்? கொசைன் கணக்கில் −1/2 எங்கிருந்து வருகிறது?

குடந்தை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறேன். கலப்பெண்கள் பாடம் முடிந்ததும் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தார்கள்.

```
cos(2π/7) + cos(4π/7) + cos(6π/7) = ?
```

சென்ற ஆண்டு முக்கோணவியலில் படித்த முறையிலேயே, முழுவதையும் 2 sin(π/7) ஆல் பெருக்கினேன். ஒவ்வோர் உறுப்பும் இரண்டு சைன்களின் வித்தியாசமாகப் பிரிந்தது. நடுவில் இருந்தவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, sin π − sin(π/7) மட்டும் மிஞ்சியது. sin π பூச்சியம் என்பதால் விடை −1/2 என்று வந்தது.

விடை சரிதான். ஆனால் 7 என்ற இடத்தில் 5 ஐப் போட்டு cos 72° + cos 144° என்று கணக்கிட்டாலும் −1/2 தான் வருகிறது. 9 ஐப் போட்டு 40°, 80°, 120°, 160° ஆகிய நான்கு கோணங்களின் கொசைன்களைக் கூட்டினாலும் அதே −1/2. எண் மாறினாலும் விடை ஏன் மாறவில்லை என்பதை என் முறை எனக்குச் சொல்லவில்லை. வகுப்பில் கேட்டபோது, ஒன்றின் படிமூலங்களின் கூடுதல் பூச்சியம் என்பதே காரணம் என்றார்கள். அந்தக் கூடுதல் ஏன் பூச்சியமாகிறது, அதற்கும் இந்த −1/2 க்கும் என்ன தொடர்பு என்பதை யாராவது விளக்க இயலுமா?

மாயவரத்தான்:

இதற்குக் காரணம் சமச்சீர்மை. ஒன்றின் படிமூலங்களை ஓரலகு வட்டத்தின் மேல் குறித்துப் பாருங்கள். சம இடைவெளியில் அமைந்திருப்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் எதிரே இன்னொரு புள்ளி இருக்கும். எதிரெதிர்ப் புள்ளிகளைக் கூட்டினால் பூச்சியம். எல்லாச் சோடிகளும் அப்படியே நீங்கிவிடுவதால் மொத்தமும் பூச்சியம். இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

குடந்தை மாணவி:

நன்றி அண்ணா. ஆறு மூலங்களுக்கு வரைந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே எதிரெதிரே இருக்கின்றன. ஏழுக்கு வரைந்தபோது அப்படி அமையவில்லை. 1 க்கு நேர் எதிரே −1 இருக்க வேண்டும். ஆனால் −1 இன் ஏழாம் படி −1 தானே தவிர 1 அன்று. ஆகவே −1 இந்தக் கூட்டத்திலேயே இல்லை. சோடி சேராமல் எப்படி நீங்குகின்றன?

திருவையாறு கணித ஆசிரியர்:

மாணவி கேட்டிருப்பது சரியான கேள்வி. எதிரெதிர்ச் சோடி என்ற காரணம் இரட்டை எண்களுக்கு முழுமையாகப் பொருந்தும். ஒற்றை எண்களுக்குப் பொருந்தாது. சமச்சீர்மைதான் காரணம் என்று மாயவரத்தான் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் இங்கே வேலை செய்வது சோடி சேர்க்கும் சமச்சீர்மை அன்று, சுழற்றும் சமச்சீர்மை.

ஏழு மூலங்களில் 1 க்கு அடுத்து வருவதை ω என்று வைத்துக்கொள்வோம். அதன் மட்டு 1, வீச்சு 2π/7. மற்ற மூலங்கள் யாவும் அதன் அடுக்குகளே. அவற்றின் கூடுதலை S என்போம்.

```
S = 1 + ω + ω² + ω³ + ω⁴ + ω⁵ + ω⁶
```

இருபுறமும் ω ஆல் பெருக்குங்கள். 1 இருந்த இடத்தில் ω வரும், ω இருந்த இடத்தில் ω² வரும். இப்படியே ஒவ்வொன்றும் ஓரிடம் நகர்ந்து, கடைசியில் இருந்த ω⁶ ஆனது ω⁷ ஆகும். ω⁷ என்பது 1. ஆகையால் வலப்புறத்தில் அதே ஏழு எண்கள்தாம் வரிசை மாறி நிற்கின்றன, கூடுதல் மாறவில்லை. அதாவது ωS = S, அல்லது (ω − 1)S = 0. ω என்பது 1 அன்று என்பதால் S பூச்சியமாக இருந்தே தீர வேண்டும்.

திருவிழாக்களில் சுற்றும் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே எடையுள்ள ஏழு தொட்டில்கள் சம இடைவெளியில் தொங்குகின்றன. ஒரு தொட்டில் அளவுக்கு அதைத் திருப்பினால் முன்பு இருந்த அதே அமைப்புத்தான் மீண்டும் தெரியும். அந்த ஏழின் எடைமையம் நடு அச்சை விட்டுச் சற்றே விலகியிருந்தால், திருப்பும்போது அதுவும் திரும்பி வேறிடத்துக்குப் போயிருக்க வேண்டும். அமைப்பு மாறாமல் மையம் மட்டும் மாற முடியாது. திருப்பினாலும் நகராத ஒரே புள்ளி அச்சு. எனவே எடைமையம் அங்கேதான் இருக்கும். ωS = S என்ற வரி சொல்வது இதைத்தான். தொட்டில்கள் ஏழா எட்டா என்ற கேள்வியே இதில் எழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் −1/2. S பூச்சியம் என்றால் அதன் மெய்ப்பகுதியும் பூச்சியம். மெய்ப்பகுதியை எழுதினால் 1, அதைத் தொடர்ந்து cos(2π/7) முதல் cos(12π/7) வரை ஆறு கொசைன்கள். இவற்றில் cos(12π/7) என்பது cos(2π/7) க்குச் சமம்; கிடை அச்சுக்கு மேலே உள்ள மூலத்துக்கும் அதன் நேர்கீழே உள்ள இணை எண்ணுக்கும் மெய்ப்பகுதி ஒன்றே. அதுபோலவே cos(10π/7) உம் cos(4π/7) உம் சமம். Cos(8π/7) உம் cos(6π/7) உம் சமம். நீங்கள் கேட்ட கூடுதலை C என்றால், ஆறு கொசைன்களும் சேர்ந்து 2C.

```
1 + 2C = 0,   ஆகவே   C = −1/2
```

மூலங்களுள் 1 மட்டுமே தனியாக நிற்கிறது, மற்றவை மேலும் கீழுமாக இரண்டிரண்டாக நிற்கின்றன. அந்தத் தனி 1 ஐ ஈடுகட்டுவதற்காகவே மேற்பாதி −1/2 ஆகவும் கீழ்ப்பாதி −1/2 ஆகவும் அமைகின்றன. ஒற்றை எண் எதுவாயினும் இந்த அமைப்பு மாறாது. அதனால்தான் 5, 7, 9 மூன்றுக்கும் ஒரே விடை வந்தது. இரட்டை எண்ணாக இருந்தால் −1 உம் தனியாக வந்து நின்று 1 ஐ நீக்கிவிடும். அப்போது C பூச்சியமாகும். cos 45° + cos 90° + cos 135° என்று எட்டுக்குச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மாயவரத்தான்:

ஆசிரியர் ஐயா சொன்ன சுழற்சி வாதம் தெளிவாக இருக்கிறது. இதையே இன்னும் சுருக்கமாகவும் சொல்லலாம். x⁷ − 1 = 0 என்ற சமன்பாட்டில் x⁶ உறுப்பே இல்லை, அதன் கெழு பூச்சியம். மூலங்களின் கூடுதல் அந்தக் கெழுவிலிருந்து வருவதால் அதுவும் பூச்சியம்.

அதோடு, ஒவ்வொரு மூலத்தையும் k ஆம் படிக்கு உயர்த்தினால் மீண்டும் ஒன்றின் ஏழாம் படிமூலங்களே கிடைக்கின்றன. ஆகவே k எந்த முழு எண்ணாக இருந்தாலும் 1 + ωᵏ + ω²ᵏ + … + ω⁶ᵏ உம் பூச்சியமே. இதையும் பொதுவிதியாக வைத்துக்கொள்ளலாம்.

நீடாமங்கலம் மின்பணியாளர்:

நான் கணிதம் படித்தவன் அல்லன், மின்பணி செய்பவன். ஆனால் நீங்கள் பேசுவது நான் தினமும் கையாளும் செய்தியாகத் தோன்றுவதால் எழுதுகிறேன். தலைப்புக்கு வெளியே போவதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயலில் ஓடும் மும்முனை மோட்டாருக்கு மூன்று வயர் மட்டுமே கொடுக்கிறோம், திரும்பி வருவதற்கென்று நான்காவது வயர் கிடையாது. மூன்று பேஸ்களும் 120 பாகை இடைவெளியில் இருப்பதால் எந்த நொடியிலும் மூன்று மின்னோட்டங்களின் கூடுதல் பூச்சியம், ஆகவே திரும்பிப் போக ஒன்றுமில்லை என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். இதுவும் நீங்கள் சொல்லும் மூன்று மூலங்களின் கூடுதல்தானே?

என் ஐயம் வேறு. ஒரு கல்யாண மண்டபத்தில் நியூட்ரல் வயர் சூடேறுகிறது என்று கூப்பிட்டார்கள். அங்கே மோட்டார் அதிகம் இல்லை, எல்.இ.டி. விளக்குகளும் ஒலி, ஒளிக் கருவிகளும்தாம். கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தால் மூன்று பேஸிலும் ஏறத்தாழ 22 ஆம்பியர். பங்கீடு சரியாகவே இருந்தது. ஆனால் நியூட்ரலில் 24 ஆம்பியர் ஓடியது. மூன்றும் சமமாக இருந்தால் கூடுதல் பூச்சியம் என்றால், பேஸில் ஓடுவதைவிட அதிகமாக நியூட்ரலில் எப்படி ஓடும்? மீட்டர் பழுது என்று மண்டபத்துக்காரர் சொன்னார். வேறு மீட்டரிலும் அதே அளவுதான் வந்தது.

திருவையாறு கணித ஆசிரியர்:

மின்பணியாளர் தலைப்புக்கு வெளியே போகவில்லை. மாயவரத்தான் எழுதிய பொதுவிதி எங்கே முறிகிறது என்பதை அவருடைய நியூட்ரல் வயரே காட்டுகிறது.

முதலில் மோட்டார். மூன்று மின்னோட்டங்களையும் cos t, cos(t − 120°), cos(t − 240°) என்று எழுதலாம். ஒன்றின் மூன்றாம் படிமூலங்கள் மூன்றையும் கூட்டி, அந்தக் கூடுதலை t கோணத்துக்குத் திருப்பி, மெய்ப்பகுதியை எடுத்தால் கிடைப்பது இவற்றின் கூடுதல். பூச்சியத்தை எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் பூச்சியம்தான். அதனால்தான் எந்த நொடியிலும் பூச்சியம். மூன்றின் அளவும் ஒன்றாக இருக்கும் வரை இது பொருந்தும். ஒரு பேஸில் மட்டும் பாரம் கூடினால் இந்த ஈடு கெட்டுவிடும் என்பதை அவரே அறிவார்.

இனி மண்டபம். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய சுத்தமான கொசைன் அலை. எல்.இ.டி. விளக்கின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று அப்படி இழுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது. அப்படிப்பட்ட வடிவத்தைப் பிரித்தால், 50 ஹெர்ட்ஸ் அலையோடு அதன் மூன்று மடங்கு வேகமான 150 ஹெர்ட்ஸ் அலையும் கலந்திருக்கும். அந்த இரண்டாவது பகுதியை மூன்று பேஸ்களுக்கும் எழுதிப் பாருங்கள்.

```
cos 3t,   cos(3t − 360°),   cos(3t − 720°)
```

360 உம் 720 உம் முழுச் சுற்றுகள். ஆகவே மூன்றும் ஒன்றே. ஒன்றையொன்று ஈடுகட்டுவதற்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி 3 cos 3t ஆகின்றன. எடுத்துக்காட்டாக ஒவ்வொரு பேஸிலும் 50 ஹெர்ட்ஸ் பகுதி 20 ஆம்பியரும் 150 ஹெர்ட்ஸ் பகுதி 8 ஆம்பியரும் இருந்தால், பேஸில் மீட்டர் காட்டுவது √(400 + 64), அதாவது ஏறத்தாழ 21.5. நியூட்ரலில் 20 கள் மூன்றும் நீங்கிவிடும், 8 கள் மூன்றும் கூடி 24 ஆகும். உங்கள் மீட்டர்கள் இரண்டும் உண்மையான ஆர்.எம்.எஸ். அளவைக் காட்டுபவையாக இருந்தால் அவை சொன்னதில் பிழை இருக்க வேண்டியதில்லை. நியூட்ரல் வயரின் தடிமனைத்தான் பார்க்க வேண்டும்.

மாயவரத்தானின் விதிக்குத் திரும்புவோம். நிறுவலில் ω இருந்த இடங்களில் ωᵏ ஐப் போட்டால் (ωᵏ − 1)S = 0 என்று வரும். இதிலிருந்து S = 0 என்று சொல்ல ωᵏ ≠ 1 என்பது தேவை. k ஆனது 7 இன் மடங்காக இருந்தால் ωᵏ = 1; அப்போது அடைப்புக்குள் இருப்பதே பூச்சியம், அந்தச் சமன்பாடு S ஐப் பற்றி எதையும் சொல்லாது. நேரடியாகப் பார்த்தால் ஏழு உறுப்புகளும் 1 ஆகி, கூடுதல் 7 ஆகிறது. மூலங்கள் மூன்று, k உம் 3 என்ற நிலைதான் மண்டபத்தில் நடந்தது.

இதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கிலும் வழுக்கும். cos⁴ ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

```
cos⁴θ = 3/8 + (1/2) cos 2θ + (1/8) cos 4θ
```

θ க்கு வட்டத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் n கோணங்களை இட்டுக் கூட்டினால், கொசைன் உறுப்புகள் நீங்கி 3n/8 வரும் என்று பலரும் உடனே எழுதிவிடுகிறார்கள். n = 7 க்கு அது சரி. n = 4 க்கு 0°, 90°, 180°, 270° என்று இட்டுப் பாருங்கள். நேரடியாக 1 + 0 + 1 + 0 = 2; சூத்திரமோ 1.5 என்கிறது. குறைந்த 0.5 எங்கே என்றால், cos 4θ நான்கு இடங்களிலும் 1 ஆக இருந்து, எட்டில் நான்கு பங்காகச் சேர்ந்திருக்கிறது. θ வை எத்தனை மடங்காக்கியிருக்கிறோமோ அந்த எண் n ஆல் வகுபடுகிறதா என்று ஒவ்வோர் உறுப்பையும் பார்த்துவிட்டுத்தான் நீக்க வேண்டும்.

நீடாமங்கலம் மின்பணியாளர்:

புரிந்தது ஐயா. மண்டபத்தில் நியூட்ரலுக்கு பேஸைவிட மெல்லிய வயரைத்தான் போட்டிருந்தார்கள். சமமாகப் பிரித்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்ற நினைப்பில் பழைய காலத்தில் அப்படிச் செய்வது வழக்கம். மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது காரணத்தையும் சொல்ல முடியும்.

வலங்கைமான் வாசகர்:

இவ்வளவு பேசியும் cos(2π/7) இன் மதிப்பு என்ன என்பதை யாரும் சொல்லவில்லையே. மூன்றின் மதிப்பையும் தனித்தனியே கண்டுபிடித்துக் கூட்டினால் வேலை முடிந்துவிடாதா?

திருவையாறு கணித ஆசிரியர்:

மாணவி கேட்டது கூடுதலை மட்டும். தனித்தனி மதிப்புகள் தோராயமாக 0.6235, −0.2225, −0.9010, கூட்டினால் −0.5000. ஆனால் cos 60° ஐ 1/2 என்று எழுதுவதுபோலவோ, cos 72° ஐ √5 கொண்டு எழுதுவதுபோலவோ இவற்றை எழுத முடியாது. மூன்றும் 8x³ + 4x² − 4x − 1 = 0 என்ற முப்படிச் சமன்பாட்டின் மூலங்கள். விகிதமுறு எண்களையும் வர்க்கமூலங்களையும் மட்டும் கொண்டு அவற்றை எழுத இயலாது. ஒழுங்கு எழுகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். தனித்தனியே இவ்வளவு கடினமாக இருப்பவை கூட்டினால் −1/2 ஆகிவிடுகின்றன என்பதால்தான் இந்த முறையை நான் மதிக்கிறேன்.

பட்டுக்கோட்டை பயிற்றுநர்:

நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சி தருபவன் என்ற முறையில் ஒரு கருத்து. மாணவர்களுக்கு நான் 2 sin(π/7) ஆல் பெருக்கும் முறையையே பரிந்துரைப்பேன். மூலங்களின் கூடுதல் அழகான வழிதான். ஆனால் கோணங்கள் வட்டம் முழுவதையும் நிறைக்காதபோது அது கைகொடுப்பதில்லை. இதே கணக்கில் கொசைனை எடுத்துவிட்டு சைனைப் போட்டுப் பாருங்கள். sin(2π/7) + sin(4π/7) + sin(6π/7) என்னவென்று S = 0 இலிருந்து சொல்ல முடியுமா? கற்பனைப் பகுதியை எடுத்தால் மேலே உள்ள சைன்களும் கீழே உள்ள சைன்களும் தாமாகவே நீங்கி 0 = 0 என்றுதான் வரும். பெருக்கும் முறையிலோ (1/2) cot(π/14) என்ற விடை இரண்டு வரிகளில் கிடைத்துவிடும்.

திருவையாறு கணித ஆசிரியர்:

சைன் கணக்கைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. முறைத் தேர்வில் மட்டும் நான் உடன்படவில்லை. மாணவி கேட்டதே, விடை ஏன் எண்ணைப் பொறுத்து மாறவில்லை என்பதுதான். பெருக்கும் முறை அதற்கு விடை சொல்லவில்லை என்று அவரே முதலில் எழுதியிருக்கிறார்.

சைன்களிலும் S = 0 பயன்படும் இடம் ஒன்று உண்டு. அடுக்குகள் 1, 2, 3 க்குப் பதிலாக 1, 2, 4 ஐ எடுங்கள். α = ω + ω² + ω⁴ என்றும், எஞ்சியவற்றை β = ω³ + ω⁵ + ω⁶ என்றும் வைத்தால், S = 0 என்பதால் α + β = −1. இனி αβ ஐப் பெருக்கினால் ஒன்பது உறுப்புகள் வரும். அவற்றில் மூன்று ω⁷, அதாவது மூன்று 1 கள். மற்ற ஆறும் ω முதல் ω⁶ வரை தலா ஒரு முறை வந்து, மீண்டும் S = 0 ஆல் −1 ஆகின்றன. ஆகவே αβ = 3 − 1 = 2. கூடுதல் −1, பெருக்கற்பலன் 2 என்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால்,

```
α = (−1 + i√7)/2
```

கற்பனைப் பகுதி நேர்மம் என்பதைப் படத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். கீழே இருக்கும் ω⁴ ஐவிட மேலே இருக்கும் இரண்டும் ஓங்கியிருக்கின்றன. எனவே sin(2π/7) + sin(4π/7) + sin(8π/7) = √7/2. மெய்ப்பகுதியில் நாம் தொடங்கிய −1/2 இருக்கிறது.

குடந்தை மாணவி:

ஒன்பது உறுப்புகளையும் எழுதிப் பார்த்துவிட்டேன் ஐயா, நீங்கள் சொன்னபடியே வருகின்றன. 1, 2, 4 என்பவை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கிக் கிடைத்தவை என்று நினைத்து, 11 க்கும் அதே போல் முயன்றேன். 1, 2, 4, 8 என்று போய், அடுத்த 16 ஐ 11 ஆல் வகுத்த மீதி 5. அதன்பின் 10, 9, 7, 3, 6 என்று பத்தும் வந்துவிட்டன. இரண்டு கூட்டமாகப் பிரியவே இல்லை. அப்படியானால் 11 க்கு எந்த ஐந்தை எடுக்க வேண்டும்?

மாயவரத்தான்:

இரட்டிப்பை விட்டுவிட்டு, வர்க்கங்களை 11 ஆல் வகுத்து மீதிகளைப் பாருங்கள். 1, 4, 9, 16, 25 ஆகியவற்றிலிருந்து 1, 4, 9, 5, 3 என்ற ஐந்து கிடைக்கின்றன. 7 க்கும் வர்க்கங்களின் மீதிகள் 1, 4, 2 தாம். இந்த ஐந்தை எடுத்தால் √11 வரும் என்று எதிர்பார்க்கிறேன், பெருக்கிச் சரிபார்க்கவில்லை.

குடந்தை மாணவி:

இருபத்தைந்து உறுப்புகளையும் எழுதினேன். ஐந்து 1 கள் வந்தன. மற்றவை ஒவ்வொன்றும் இரண்டு முறை வந்து −2 ஆயின. பெருக்கற்பலன் 3, ஆகவே √11 வருகிறது. 13 க்கு இதையே செய்தபோது ஒரு 1 கூட வரவில்லை, பெருக்கற்பலன் −3 ஆகி, i இல்லாமல் வெறும் √13 வந்தது. 7 க்கும் 11 க்கும் வந்த i, 13 க்கு ஏன் வரவில்லை என்று தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.